ஒரே அசிட்டைல்கோலின், இரண்டு வேகம்

கேள்வி: அசிட்டைல்கோலின் தசையை உடனே சுருக்குது, இதயத்தை மட்டும் தாமதமா அடக்குது. ஏன்? (எஸ்டிபிஎம் மாணவி, சுங்கை சிப்புட்)

நரம்பு முனை விடும் இந்தச் செய்தி மூலக்கூறை வாங்கும் ஏற்பியில்தான் வித்தியாசம். தசையின் நிக்கோட்டினிக் ஏற்பி அயனோட்ரோபிக் வகை. ஏற்பியே அயனி வாயில். இரண்டு மூலக்கூறுகள் ஒட்டியதும் ஒரு மில்லிவினாடிக்குள் திறந்து சோடியத்தை உள்ளே விடும். நொதி அசிட்டைல்கோலினைச் சிதைப்பதால் சில மில்லிவினாடிகளில் அடங்கிவிடும்.

இதயத்தின் மஸ்கரினிக் ஏற்பி மெட்டபோட்ரோபிக். அதில் வாயிலே கிடையாது. அது ஜி புரதத்தைத் தூண்ட, அதிலிருந்து பிரியும் பீட்டா-காமா துண்டு போய் வேறொரு பொட்டாசியம் வாயிலைத் திறக்கும். இந்தக் கைமாற்றத்திலேயே பல பத்து மில்லிவினாடிகள் போய்விடும். அசிட்டைல்கோலின் மறைந்த பிறகும், ஜி புரதத்தின் மற்றத் துண்டான ஆல்ஃபா தன்மேல் ஒட்டிய குவானோசின் ட்ரைபாஸ்பேட்டைச் சிதைத்து பீட்டா-காமாவைத் திரும்பப் பிடிக்கும்வரை வாயில் மூடாது. விளைவு வினாடிக் கணக்கில் நீள்வது அதனால்தான்.

தோட்டத்தில் அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து உடம்பில் ஏறினால் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் அந்த நொதி முடங்கும். இரண்டு ஏற்பிகளும் ஓயாது: நாடி இறங்கும், ஓயாத தூண்டலில் தசையும் தளர்ந்துவிடும். இதற்குக் கொடுக்கும் அட்ரோபின் மருந்து மஸ்கரினிக்கை மட்டுமே தடுக்கும். நாடி ஏறினாலும் தசைத் தளர்ச்சி அப்படியே இருக்கும். மூச்சுத் தசையும் தளரும் என்பதால் மூச்சைக் கவனிக்க வேண்டும்.