ஹீமோகுளோபின் குறைவு: ரிப்போட் படத்தில் அடுத்த வரியையும் பாருங்கள்

உப்புவெளியிலிருந்து: அக்கா, எனக்கு 34 வயது. ஹீமோகுளோபின் 9.1, பக்கத்தில் எல் என்று போட்டிருக்கு. பீட்ரூட் சாப்பிட்டால் ஏறுமா?

எல் என்றால் குறைவு. பீட்ரூட்டை விடுங்க தங்கச்சி, முதலில் ஏன் குறைந்தது என்று பார்ப்போம். அதைச் சொல்லுகிற வரி கொஞ்சம் கீழே இருக்கிறது, சிவப்பணுவின் சராசரி அளவைக் காட்டும் எம்.சி.வி. உங்கள் படத்தில் அது 69. வளர்ந்தவர்களுக்கு 80 முதல் 100 வரை இருக்கவேண்டும், அதனால் உங்கள் சிவப்பணுக்கள் சின்னதாக இருக்கின்றன. இங்கே அதற்கு அதிகம் காண்கிற காரணங்கள் இரண்டு: இரும்புச்சத்துக் குறைவு, இல்லையென்றால் பிறப்பிலேயே வரும் தலசீமியாக் கடத்தி நிலை. ஆய்வுகூடத்தில் நாங்கள் ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம், எம்.சி.வி.யை ஆர்.பி.சி. என்கிற சிவப்பணு எண்ணிக்கையால் வகுப்பது. உங்களுக்கு 69ஐ 4.3ஆல் வகுத்தால் 16 வருகிறது. 13க்கு மேலே என்றால் இரும்புக் குறைவுப் பக்கம் சாய்கிறது, கீழே என்றால் தலசீமியாப் பக்கம். இது குறிப்புத்தான், தீர்ப்பு இல்லை. இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கவும் கூடும். உடம்பில் சேமித்திருக்கிற இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்து பாருங்கள், ஆனால் காய்ச்சல் நேரத்தில் வேண்டாம், அப்போது அது பொய்யாக உயர்ந்து நிற்கும். இரும்பு எங்கே போகிறது, மாதவிடாயா வயிறா என்பதை இந்தப் படம் சொல்லாது, டொக்டரிடம்தான் பேசவேண்டும்.

கிண்ணியாவிலிருந்து: என் மகனுக்கும் அப்படித்தான், வயது 14. ஹீமோகுளோபின் 11.2, எம்.சி.வி. 66, ஆர்.பி.சி. 5.6. மூன்று மாதமாக இரும்புக் குளிசை குடுக்கிறேன், அசையவே இல்லை. கூட்டிக் குடுக்கவா?

கூட்டவேண்டாம் அண்ணா. அதே கணக்கைப் போட்டால் 12கூட வரவில்லை, அப்புறம் அணு சின்னதாக இருந்தும் எண்ணிக்கை குறையாமல் கூடுதலாகவே நிற்கிறது பாருங்கள், இரும்பு இல்லாத உடம்பு இவ்வளவு அணுக்களைச் செய்வது அபூர்வம். தலசீமியாக் கடத்தியா என்று பார்க்க ஹீமோகுளோபின் வகை பிரிக்கும் பரிசோதனை எழுதித்தரக் கேளுங்கள், கூடவே ஃபெரிட்டினும், ஏனென்றால் இரும்பு குறைந்திருந்தால் அந்த முடிவு ஏமாற்றலாம். கடத்தியாக இருந்தால் அவருக்கு வருத்தம் இல்லை, ஆனால் நாளைக்கு இன்னொரு கடத்தியைக் கட்டினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு கடும் தலசீமியா வர வாய்ப்பிருக்கிறது. தாய் தகப்பன் இருவரும் பார்த்துக்கொள்வது நல்லது.

மூதூரிலிருந்து: எல், எச் எழுத்து இல்லாவிட்டால் ஒன்றும் இல்லைத்தானே பிள்ளை? எனக்குப் பிளேட்லெட் 142 மட்டும்தான் எல். ஆயிரக்கணக்கில் இருக்கவேண்டியது இல்லையா?

ஐயா, நீங்கள் சொன்னதில் பாதி சரி. அந்த எழுத்தைப் போட வைக்கிற எல்லையே சுகமாக இருக்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரை வைத்துப் போட்டது, மீதிப் பேர் நல்ல சுகத்தோடேயே வெளியே நிற்பார்கள். எழுத்து இல்லாததும் முழு உத்தரவாதம் இல்லை. 142க்குப் பக்கத்தில் அலகு இருக்கிற ஓரம் படத்தில் வெட்டுப்பட்டிருக்கு. அநேகமாக ஆயிரத்தில் எழுதியது, அதாவது ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம். எல்லை ஒன்றரை லட்சம், கொஞ்சம்தான் குறைவு. ஆனால் இப்போது காய்ச்சல் இருந்தால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கவேண்டாம், டெங்குவில் நாளைக்கு அது வேறாக இருக்கும். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கடதாசியையும் கொண்டுபோங்கள். காய்ச்சல் இருக்கிறதா, எத்தனையாவது நாள்?