மூன்றே விற்பனையில் நம்பிக்கை இடைவெளி எப்படிப் போடுவது?

கேள்வி: புதுப் பக்கத்துக்கு 120 பேர் வந்து 3 பேர் வாங்கினார்கள். 95% நம்பிக்கை இடைவெளி போட்டால் கீழ் எல்லை மைனஸில் வருகிறது. எங்கே தப்பு?

பதில்: கணக்கில் தப்பில்லை, சூத்திரம்தான் இந்த இடத்துக்குப் பொருந்தாது. நீங்கள் போட்டது பாடப்புத்தகத்தில் முதலில் வருகிற சூத்திரமாக இருக்கும்: விகிதத்தோடு 1.96 × √(p(1−p)/n) கூட்டுவது, கழிப்பது. உங்கள் எண்களைப் போட்டால் −0.3% முதல் 5.3% வரை வருகிறது. விகிதத்துக்கு இரண்டு பக்கமும் பிழை ஒரே அளவில் பரவும் என்று அது எடுத்துக்கொள்கிறது. பூஜ்யத்தை ஒட்டி நிற்கும்போது அப்படிப் பரவ இடம் ஏது? கீழே சுவர், மேலேதான் வெளி. மைனஸை அழித்துவிட்டு 0 என்று எழுதிக்கொள்பவர்களும் உண்டு. அதனால் மேல் எல்லை சரியாகிவிடாது. அதுவும் குறைவாகத்தான் வந்திருக்கிறது.

இதற்குப் பதிலாக ஈருறுப்புப் பரவலிலிருந்து நேராக வரும் கிளாப்பர்–பியர்சன் முறையை (1934) பயன்படுத்துங்கள். எக்செலில் இரண்டே வரி:

```
=BETA.INV(0.025, 3, 118)
=BETA.INV(0.975, 4, 117)
```

வாங்கியவர்கள் x, வந்தவர்கள் n என்றால் முதல் வரியில் x, n−x+1. இரண்டாவதில் x+1, n−x. விடை 0.52% முதல் 7.13% வரை. இந்த முறை கொஞ்சம் தாராளமாகவே அகலம் கொடுக்கும். அது உறுத்தினால் வில்சன் முறை (1927) இருக்கிறது, அதில் 0.85% முதல் 7.09% வரை வரும். இரண்டில் எதை எடுத்தாலும் உங்கள் முடிவு மாறப்போவதில்லை.

ஒருவர்கூட வாங்காவிட்டால் முதல் வரி `#NUM!` என்று பிழை காட்டும். அப்போது கீழ் எல்லையை 0 என்று வைத்துக்கொண்டு மேல் எல்லையை மட்டும் கணக்கிடுங்கள். 120 பேரில் யாருமே வாங்கவில்லை என்றாலும் அது 3.03%. ஆகவே அந்தப் பக்கம் உதவாது என்று அப்போதும் முடிவுகட்ட முடியாது.

விகிதத்தோடு ஒப்பிட்டால் இடைவெளி எவ்வளவு அகலம் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வந்தவர்களின் எண்ணிக்கை அல்ல, வாங்கியவர்களின் எண்ணிக்கை. அதே 2.5 சதவீதம் 1200 பேரில் 30 விற்பனையாக வந்திருந்தால் இடைவெளி சுமார் 1.7% முதல் 3.6% வரை சுருங்கியிருக்கும்.

சரி, இன்னொரு பக்கத்தில் 120 பேருக்கு 6 விற்பனை வந்தால்? இரு மடங்கு என்று துள்ளத் தோன்றும். ஆனால் இரண்டு பக்கமும் உண்மையில் ஒரே தரம் என்றாலும், மொத்தம் 9 விற்பனை 6–3 என்றோ அதைவிடச் சாய்வாகவோ ஏதாவது ஒரு பக்கம் விழ ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

அப்புறம், அந்த 3 விற்பனையும் மூன்று தனித்தனி ஆட்கள் செய்ததுதானா என்று பார்த்துவிடுங்கள். ஒருவரே இரண்டு முறை வாங்கியிருந்தால் x 2தான். 120-ஐயும் வருகைகளாக இல்லாமல் ஆட்களாக எண்ணித்தான் மேலே போட வேண்டும்.