அப்பா அம்மா 6 மாதம், லீஸில் 14 நாள்: விருந்தாளி எப்போது விதிமீறல் ஆகிறார்?

டல்லாஸ் வட்டாரத்தில் அபார்ட்மெண்ட் லீசிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். வக்கீல் இல்லை, ஆனால் லீஸ் மீறல் நோட்டீஸ் அடிக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள். ஊரிலிருந்து பெற்றோர் வரும் சீசன் என்பதால் நீங்கள் அனுப்பிய கேள்விகளில் பாதி அதைச் சுற்றியே வந்திருக்கின்றன.

இர்விங், டெக்சஸ்: வணக்கம் அக்கா. நான், மனைவி, 4 வயதுப் பையன், 2 பெட்ரூம். அப்பா அம்மா 6 மாதம் தங்க வருகிறார்கள். விருந்தாளி 14 நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்று லீஸில் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் என்ன? யார் வந்து எண்ணப் போகிறார்கள்?

எண்ணுவதற்கென்று யாரும் வர மாட்டார்கள். ஆனால் தெரிந்துவிடும். வந்த முதல் வாரம் ஜெட்லாக்கில் அப்பா விடியற்காலை 3 மணிக்கு எழுந்து ஹாலில் நடப்பார். கீழ்வீட்டுக்காரர் சத்தம் என்று புகார் கொடுப்பார். ஏசி ஃபில்டர் மாற்ற வரும் பையன் இரண்டாவது பெட்ரூமில் நான்கு பெரிய பெட்டிகளைப் பார்ப்பான். அப்புறம்தான் ஆபீஸ் உங்கள் லீஸை எடுத்து, அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கும். பெயர் இல்லாதவர், விருந்தாளிக்கு விட்ட நாளும் தாண்டிவிட்டது என்றால், எங்கள் கணக்கில் அவர் அனுமதியில்லாமல் குடியிருப்பவர். பெற்ற அப்பாவாக இருந்தாலும் அதுதான்.

இந்த 14 நாள் சட்டம் இல்லை, நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். அதனால் ஒவ்வொரு லீஸிலும் வேறு மாதிரி இருக்கும். அந்த வரியை ஒரு முறை முழுசாகப் படியுங்கள். தொடர்ந்து 14 நாளா, லீஸ் காலம் முழுவதற்கும் சேர்த்தா, 6 மாதத்துக்குள்ளா என்பது அதில்தான் இருக்கும். 13-ஆம் நாள் நயாகராவுக்குக் கூட்டிப் போய்விட்டு வந்தால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்று சிலர் நம்புகிறார்கள். பெட்டியெல்லாம் வீட்டிலேயே இருக்கும்போது அந்த வாதம் எடுபடாது.

செய்ய வேண்டியது சுலபம். டிக்கெட் போட்டதும் ஆபீஸுக்கு ஈமெயில் அனுப்புங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, யார் இருவர், திரும்பும் டிக்கெட் எப்போது என்று எழுதி, அந்தக் காலத்துக்கு மட்டும் ஆக்குபண்டாகச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். லீஸ்ஹோல்டராக இல்லை, அதைக் கவனியுங்கள். லீஸ்ஹோல்டர் என்றால் அவரும் கையெழுத்துப் போட்டு முழு வாடகைக்கும் பொறுப்பாக வேண்டும், வருமானமும் காட்ட வேண்டும். ஆக்குபண்டுக்கு அந்தச் சுமை இல்லை. பெரியவர் என்பதால் விண்ணப்பமும் அதற்கான கட்டணமும் கேட்பார்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாததற்குப் பாஸ்போர்ட், விசா பக்கம், வந்து இறங்கிய பிறகு ஐ-94 கொடுத்தால் பல ஆபீஸ்களில் வேலை முடிந்துவிடும்.

பதிலை எழுத்தில் வாங்குங்கள். கவுண்ட்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே “நோ ப்ராப்ளம்” சொன்னதை நம்பாதீர்கள். எங்கள் ஆபீஸ்களில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். லீஸிலும் எல்லா மாற்றமும் எழுத்தில்தான் என்று ஒரு வரி இருக்கும்.

இதுவரை சொன்னது நாள் கணக்கு. தலைக் கணக்கு தனி. நீங்கள் 5 பேர் ஆகிறீர்கள், பல வளாகங்களில் பெட்ரூமுக்கு 2 பேர்தான். அதையும் அதே ஈமெயிலில் கேட்டுவிடுங்கள்.

பிளேனோ, டெக்சஸ்: மேலே சொன்னதில் ஒரு திருத்தம். டெக்சஸ் சட்டப்படி ஒரு பெட்ரூமுக்கு 3 பெரியவர்கள் இருக்கலாம். 2 பெட்ரூமில் 6 பேர். ஆபீஸ் மறுக்கவே முடியாது.

எண் சரிதான், முடிவு சரியில்லை. டெக்சஸ் சொத்துச் சட்டத்தின் 92.010-வது பிரிவு வீட்டு உரிமையாளரைப் பார்த்துப் பேசுகிறது: பெட்ரூமுக்கு 3 பெரியவர்களுக்கு மேல் குடியிருக்க விடாதே என்று. அது உச்சவரம்பு. 6 பேர் இருப்பது உங்கள் உரிமை என்று அதில் எங்கேயும் இல்லை. அந்த வரம்புக்குள் உரிமையாளர் நியாயமான வேறொரு எண்ணை வைத்துக்கொள்ளலாம். குடும்ப வன்முறைக்குத் தப்பி அடைக்கலம் தேடி வந்தவர் ஒரு மாதம் வரை தங்கினால் அந்த எண்ணிக்கையில் சேர மாட்டார் என்ற விதிவிலக்கும் அதே பிரிவில் இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது.

இர்விங் (மறுபடியும்): ஆபீஸ் பதில் வந்துவிட்டது. 4 பேர்தான் வரம்பு, நீங்கள் 5 பேர் என்கிறார்கள். பெட்ரூம்கள் 12-க்கு 13 அடி, 10-க்கு 11 அடி. ஏதாவது வழி?

அளவு கொடுத்தது நல்லதாகப் போயிற்று. முதல் அறை 156 சதுர அடி, இரண்டாவது 110. பல அமெரிக்க நகரங்கள் பின்பற்றும் சொத்துப் பராமரிப்பு விதித்தொகுப்பில், ஒருவருக்கு மேல் தூங்கும் பெட்ரூமில் ஆளுக்கு 50 சதுர அடி வேண்டும். முதல் அறையில் 3 பேர், இரண்டாவதில் 2 பேர். உங்கள் 5 பேருக்கும் கணக்கு இடிக்கவில்லை. உங்கள் நகரத்தின் விதியையும் ஒரு முறை பார்த்துக்கொண்டு இந்தக் கணக்கை அப்படியே எழுதி மேனேஜருக்கு அனுப்புங்கள். ஐந்தாவது ஆள் 4 வயதுக் குழந்தை, பெற்றோர் அறையில்தான் தூங்குகிறான், தாத்தா பாட்டி திரும்பும் தேதி இது என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டாயம் ஒத்துக்கொள்வார்கள் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். குழந்தைகள் உள்ள குடும்பத்துக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, வயதான பெற்றோருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. தேதி போட்டுக் கேட்டால் தற்காலிகமாக விட்டுக்கொடுக்கும் மேனேஜர்கள் இருக்கிறார்கள். கறாராக மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

மறுத்த பிறகும் தங்க வைத்தால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் மீறல் நோட்டீஸ் வரும்: இத்தனை நாளுக்குள் சேர்த்துக்கொள் அல்லது வெளியே அனுப்பு என்று. அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ். டெக்சஸில் லீஸ் வேறு மாதிரி சொல்லாவிட்டால் அதற்கு 3 நாள்தான் அவகாசம். அடுத்தது வழக்கு. ஜெயித்தாலும் தோற்றாலும், வழக்குப் போட்ட தடம் அடுத்த அபார்ட்மெண்ட் செய்யும் பின்னணிச் சோதனையில் தலைகாட்டலாம். நோட்டீஸ் வந்த அன்றே எழுத்தில் பதில் போடுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஜெர்சி சிட்டி, நியூஜெர்சி: நாங்கள் 1 பெட்ரூமில் இரண்டு பேர். மனைவி கர்ப்பம். குழந்தை பிறந்தால் 3 பேர் ஆகிவிடுவீர்கள், 2 பெட்ரூமுக்கு மாறுங்கள் என்கிறார் மேனேஜர். மாதம் 900 டாலர் கூடுதல்.

இங்கேதான் கூட்டாட்சி நியாயமான வீட்டுவசதிச் சட்டம் உங்களுக்குக் கை கொடுக்கிறது. 1988 திருத்தத்திலிருந்து 18 வயதுக்குக் கீழுள்ள குழந்தை இருக்கிறது என்பதற்காக வீடு மறுப்பது பாகுபாடு. கர்ப்பிணியும் அதில் அடக்கம். பெட்ரூமுக்கு 2 பேர் என்பது பொதுவாக நியாயமான விதிதான். ஆனால் கூட்டாட்சி வீட்டுவசதித் துறை 1998-ல் கொள்கையாக வெளியிட்ட கீட்டிங் குறிப்பு, அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக்கூடாது என்கிறது. அறையின் அளவு, குழந்தையின் வயது, வீட்டின் அமைப்பு, கழிவுநீர் அமைப்பின் திறன், உள்ளூர் விதி எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறது. தொட்டில் போட இடமுள்ள அறையில் கைக்குழந்தையை மூன்றாவது ஆளாக எண்ணி வெளியேற்றுவது பலவீனமான நிலைப்பாடு.

மேனேஜரிடம் அந்த விதியை எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அதோடு பின்வாங்கிவிடுவார்கள். இல்லையென்றால், நடந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வீட்டுவசதித் துறையில் புகார் கொடுக்கலாம்.

எடிசன், நியூஜெர்சி: மேடம், நான் வீட்டு ஓனர். மாடியை 3 பேருக்கு விட்டேன். இப்போது 6 பேர் இருக்கிறார்கள். ஷூ ஸ்டாண்டைப் பார்த்தாலே தெரிகிறது. வேலைக்குப் போன நேரத்தில் பூட்டை மாற்றிவிடலாமா?

கூடாது. நீதிமன்றம் போகாமல் பூட்டை மாற்றினால் விதியை மீறியவர் நீங்களாகிவிடுவீர்கள். ஒரு விஷயம் கேட்க வேண்டும்: நீங்கள் அதே வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறீர்களா? ஓனரும் குடியிருந்து, வாடகைக்கு விட்ட பகுதி இரண்டுக்கு மேல் இல்லையென்றால் நியூஜெர்சியின் வெளியேற்றத் தடைச் சட்டம் பொருந்தாது. வேறு இடத்தில் இருக்கிறீர்கள் என்றால் பொருந்தும். அப்போது முதலில் ‘இதை நிறுத்து’ என்று எழுத்தில் நோட்டீஸ், நிறுத்தாவிட்டால் ஒரு மாத அவகாசத்தோடு காலி செய்யும் நோட்டீஸ், பிறகு வழக்கு. இரண்டிலும் கடைசி வார்த்தை நீதிமன்றத்துடையது.

6 பேர் என்று தெரிந்துகொண்டே மாதாமாதம் வாடகையை வாங்கிப் போட்டால், ஒத்துக்கொண்டுவிட்டார் என்று எதிர்த்தரப்பு வாதாடும். இந்த மாதமே நோட்டீஸ் எழுதுங்கள். ஷூ ஸ்டாண்ட் சாட்சியாகாது. தேதி போட்ட குறிப்பு, அவர்களே அனுப்பிய மெசேஜ் போன்றவை வேண்டும்.

குவீன்ஸ், நியூயார்க்: லீஸ் என் பெயரில் மட்டும். நண்பன் ஒருவன் 4 மாதமாக என்னோடு இருக்கிறான், பாதி வாடகை தருகிறான். சப்லெட் செய்கிறேன் என்று நோட்டீஸ் கொடுப்போம் என்கிறார்கள்.

நியூயார்க்கில் உங்களுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது, பேச்சுவழக்கில் ரூம்மேட் சட்டம் என்பார்கள். லீஸில் ஒருவர் பெயர்தான் என்றால், அவருடைய நெருங்கிய குடும்பமும் கூடுதலாக ஒருவரும் அவருடைய குழந்தைகளும் இருக்கலாம். லீஸில் மாறாக எழுதியிருந்தாலும் செல்லாது. நீங்களும் அங்கேயே குடியிருக்க வேண்டும். வீட்டு உரிமையாளர் கேட்டால் 30 நாளுக்குள் நண்பர் பெயரைச் சொல்ல வேண்டும். நீங்கள் வேறு ஊருக்குப் போய் நண்பரை மட்டும் விட்டுவைத்தால்தான் கதை சப்லெட் பக்கம் திரும்பும். இன்னொன்று, நாளைக்கு உங்கள் இருவருக்கும் மனஸ்தாபம் வந்தால், 30 நாள் தாண்டித் தங்கியவரை நியூயார்க் நகரில் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் நீங்களும் வெளியே தள்ள முடியாது.

ஹூஸ்டன், டெக்சஸ்: மாமனாருக்கு பி-2 விசா நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கிறோம். லீஸில் அவர் பெயர் இருந்தால் நல்லதா?

அது குடிவரவு வக்கீலிடம் கேட்க வேண்டியது. என் பக்கத்துக்கு ஒன்றுதான்: ஆபீஸுக்குக் கொடுத்த கடைசித் தேதி தாண்டப் போகிறது என்றால், தாண்டும் முன்பே புதுத் தேதி கேட்டு எழுதுங்கள்.

ஆஸ்டின், டெக்சஸ்: நிச்சயம் செய்த பெண் வாரத்தில் 4 இரவு என் வீட்டில். தனி அபார்ட்மெண்ட் லீஸ் அவளுக்கு இருக்கிறது. இதுவும் மீறலா?

லீஸில் ‘தொடர்ந்து’ என்று மட்டும் இருந்தால் நீங்கள் தப்பிக்கலாம். மொத்த நாள் கணக்கு என்றால் ஒரு மாதத்தில் மாட்டிக்கொள்வீர்கள். இடைப்பட்ட வார்த்தைகள் போட்ட லீஸ்களில் இந்தக் கேள்விக்கு ஆபீஸுக்கு ஆபீஸ் வேறு பதில் வரும், நீதிபதிக்கு நீதிபதியும் வேறுபடலாம். அவர் பெயரில் வேறொரு லீஸ் ஓடுவது உங்கள் பக்கம் நல்ல ஆதாரம். ஆனால் தபாலும் பார்சலும் உங்கள் முகவரிக்கு வந்து, பார்க்கிங் பெர்மிட்டும் உங்கள் வளாகத்தில் வாங்கியிருந்தால் அந்த ஆதாரம் தேய்ந்துவிடும். கல்யாணத் தேதி கிட்டே இருந்தால், இப்போதே ஆக்குபண்டாகச் சேர்த்துவிடுவது மலிவு.