18% முதலீட்டாளருக்கு வீட்டோ: கையெழுத்துப் போடலாமா?

"18% பங்குக்கு முதலீட்டாளர் தரப்பில் ஒரு நியமன இயக்குநர், 27 விஷயங்களுக்கு அவர் சம்மதம் வேண்டுமாம். போர்டில் நாங்கள் இரண்டு பேர், அவர் ஒருவர். பெரும்பான்மை எங்களுக்குத்தானே?"

ஓட்டில் பெரும்பான்மை உங்களுக்குத்தான். ஆனால் அந்த 27 விஷயங்களில் அது செல்லாது. புதுப் பங்கு வெளியீடு, கம்பெனியை விற்பது போன்றவற்றுக்குச் சம்மதம் கேட்பது நியாயம். "5 லட்சத்துக்கு மேல் எந்தச் செலவும்" என்று இருந்தால்தான் சிக்கல். சர்வர் பில்லுக்கே அனுமதி கேட்டு நிற்பீர்கள். "ஒப்புதலான பட்ஜெட்டை 15% தாண்டினால் மட்டும்" என்று மாற்றச் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியம் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள். சட்டப்படி உங்கள் போர்டுக்கு இரண்டு பேர் போதும். ஒப்பந்தத்தில் "நியமன இயக்குநர் இல்லாமல் கோரம் கிடையாது" என்று இருந்தால், அவர் வராமலே கூட்டத்தை முடக்கலாம். ஒத்திவைத்த கூட்டத்துக்கு அவர் வராவிட்டாலும் கோரம் உண்டு என்று எழுதி வாங்குங்கள். சம்மதம் கேட்டு நீங்கள் அனுப்பும் கடிதத்துக்கு 7 வேலைநாளில் பதில் இல்லையென்றால் சம்மதம் என்றே கொள்ளப்படும் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். இதற்குத் தயங்குவார்கள், விடாதீர்கள்.

அப்புறம், முதலீட்டாளரின் பங்கு 10%க்குக் கீழே போனால் இந்த உரிமைகள் என்னவாகும்? அந்த வரி இருக்கிறதா, பாருங்கள்.