கடலைப் பூஞ்சையும் கணவரின் ரத்தப் பரிசோதனையும்

டாக்டர், ஐப்பசி மழையில் வீட்டில் இருந்த அரைச் சாக்கு கப்பலண்டி பூத்துவிட்டது. கழுவி, வெயிலில் காயவைத்து, வறுத்து, பிள்ளைகளுக்கு (9 வயது, 5 வயது) உருண்டை பிடித்துக் கொடுத்தேன். இரண்டு வாரம் சாப்பிட்டார்கள். பூஞ்சைக் கடலை ஈரல் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று இப்போது ஒரு வீடியோ பார்த்தேன். தூக்கமே இல்லை. வெங்காயத்தில் கறுப்புப் பொடி, அரிசியில் வண்டு, இவையும் அப்படித்தானா? சொத்தைக் கடலையை மாமியார் மாட்டுக்கு வைக்கிறார். கணவருக்கு (42) மூன்று வருடம் முன்பு ரத்ததானம் செய்தபோது ஹெபடைடிஸ் பி இருப்பதாகச் சொன்னார்கள், ஆனால் ஒரு தொந்தரவும் இல்லை. எல்லோரும் கீழாநெல்லி குடிக்கிறோம். ஈரலைச் சுத்தம் செய்ய மருந்து சொல்லுங்கள்.
– வாசகி, குலசேகரம்

இரண்டு வாரம் சாப்பிட்ட உருண்டையால் உங்கள் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வராது. முதலில் அதைக் கேட்டுக்கொண்டு இன்று தூங்குங்கள். கடிதத்தில் நீங்கள் கடைசியில், போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. அதற்குக் கடலையை முடித்துவிட்டு வருகிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே கதை.

நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் கொப்பரையிலும் வரும் ஒரு மஞ்சள்-பச்சைப் பூஞ்சை அஃப்லாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. நிலக்கடலைப் பருப்பு சரியாகக் காயாமல் இருந்து, காற்றும் ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தால் அதற்குப் போதும். நம் மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. நடுவில் சாக்கு முழுதாகக் காய்வதற்கு நாள் கிடைப்பதில்லை. சிமெண்ட் தரையில் சுவரோடு ஒட்டி வைத்த சாக்கு அடியிலிருந்தே ஈரம் உறிஞ்சும். பிளாஸ்டிக் சாக்கு என்றால் உள்ளே வேர்க்கவும் செய்யும்.

நீங்கள் கழுவினீர்கள், வறுத்தீர்கள். இரண்டுமே பலரும் செய்வதுதான், இரண்டுமே நஞ்சைப் போக்காது. நஞ்சு பருப்புக்குள் இறங்கியிருக்கும், தண்ணீரில் எளிதில் கரையாது. கழுவினால் பச்சை நிறம்தான் போகும், அதோடு பருப்பு இன்னும் ஈரமாகும். வறுக்கும்போது ஓரளவு குறையும் என்பது உண்மை. ஆனால் வீட்டு அடுப்பின் சூடு அதை முழுதாக அழிக்காது. பூஞ்சை செத்துப்போகும், அது விட்டுப்போன நஞ்சு நிற்கும். அரிசியை வேகவைப்பதற்கும் இதுவே பொருந்தும்.

ஒரு சாக்கில் எல்லாப் பருப்பிலும் நஞ்சு இருக்காது. சுருங்கியது, நிறம் மாறியது, உடைந்தது, ஓட்டில் ஓட்டை விழுந்தது, இப்படிச் சில பருப்புகளில்தான் அது மொத்தமும் அடைந்திருக்கும். அதனால்தான் ஒரு கை கடலையில் ஒன்று மட்டும் காறலாகக் கசக்கும். கசந்ததைத் துப்புங்கள், விழுங்காதீர்கள். சாக்கில் அங்கங்கே ஒன்றிரண்டு என்றால் வெள்ளைத் துணியில் பரப்பிக் கையால் பொறுக்கி எடுத்தாலே நஞ்சின் பெரும்பகுதி வெளியே போய்விடும். உங்கள் சாக்கு அந்த நிலையைத் தாண்டிவிட்டது. கண்ணுக்கே பூத்துத் தெரிந்த சாக்கைப் பொறுக்கப் பார்க்காதீர்கள், மிச்சத்தைக் குழி வெட்டிப் புதையுங்கள். அரைச் சாக்குக் கடலையின் விலை எனக்கும் தெரியும். இருந்தாலும் புதையுங்கள். அடுத்த முறை தோலோடு, கொஞ்சமாக, குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கிற கடலையாக வாங்கி, பலகை மேல் வையுங்கள்.

மாட்டுக்கும் வைக்க வேண்டாம். மாட்டின் ஈரல் அந்த நஞ்சின் ஒரு பகுதியைச் சற்று மாற்றிப் பாலில் விடுகிறது. காய்ச்சினாலும் அது போகாது. நிறுத்திய சில நாட்களில் பால் சரியாகிவிடும், அதனால் பாலைப் பற்றிப் புதிதாகப் பயப்படாதீர்கள். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

வெங்காயத்துக் கறுப்புப் பொடி வேறு பூஞ்சை, அது அஃப்லாடாக்சின் தருவதில்லை. தோலை உரித்துக் கழுவுங்கள், உள்ளே அழுகியிருந்தால் போட்டுவிடுங்கள். அரிசி வண்டும் நஞ்சல்ல. புடைத்து, காயவைத்து, சமைக்கலாம். அரிசி கட்டியாகி சிக்கு வாடை அடித்தால் மட்டும் வேண்டாம்.

வீடியோ சொன்னதில் எது உண்மை? இந்த நஞ்சு ஈரல் புற்றுநோயைத் தரும் என்பது உண்மை. ஆனால் எப்படித் தரும் என்பதை அது சொல்லியிருக்காது. நஞ்சை அளவு மீறி ஒரேயடியாகச் சாப்பிட்டால் நடப்பது வேறு. 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லை மாவட்டங்களில் அறுவடை நேரத்து மழையில் நனைந்த மக்காச்சோளத்தையே மக்கள் வாரக்கணக்கில் தினச் சாப்பாடாகச் சாப்பிட்டார்கள். காமாலையும் வயிற்று வீக்கமும் வந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மக்காச்சோளத்தின் மோசமான மாதிரிகளில் ஒரு கிலோவுக்கு 15,000 மைக்ரோகிராம் வரை நஞ்சு இருந்தது. நம் நாட்டில் கடலைக்கு அனுமதித்த அளவு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அப்படி நடந்திருந்தால் உங்கள் பிள்ளைகளுக்கு இந்நேரம் வாந்தியும் கண் மஞ்சளும் வந்திருக்கும். வரவில்லை.

புற்றுநோய் வரும் வழி மெதுவானது. கொஞ்சம் கொஞ்சமாக, வருடக்கணக்கில் உள்ளே போகும் நஞ்சை ஈரல் வெளியேற்றப் பார்க்கிறது. அந்த முயற்சியில் ஒரு பகுதி இன்னும் வீரியமான பொருளாக மாறி, செல்லின் மரபணுவில் போய் ஒட்டுகிறது. செல் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் ஒரு மரபணு இருக்கிறது, அடி பெரும்பாலும் அதில்தான் விழும். நல்ல ஈரல் இதில் பெரும்பகுதியைப் பழுது பார்த்துவிடும், அதற்கு நேரமும் இருக்கிறது. ஏற்கெனவே ஹெபடைடிஸ் பி வைரஸ் உட்கார்ந்திருக்கும் ஈரலில் அந்த நேரம் இல்லை. அங்கே செல்கள் அழிந்துகொண்டும் புதிதாகப் பிரிந்துகொண்டும் இருக்கின்றன. பழுது பார்க்கும் முன்பே செல் பிரிந்துவிடுகிறது, தவறு அடுத்த செல்லுக்கும் போய்விடுகிறது.

1980-களின் இறுதியில் சீனாவின் ஷாங்காய் நகரில் சுமார் 18,000 ஆண்களின் சிறுநீரையும் ரத்தத்தையும் சேகரித்து வைத்து, பின்னாளில் யாருக்கு ஈரல் புற்றுநோய் வந்தது என்று பார்த்தார்கள். நஞ்சின் அடையாளம் மட்டும் இருந்தவர்களுக்கு ஆபத்து சுமார் 3 மடங்கு. வைரஸ் மட்டும் இருந்தவர்களுக்கு சுமார் 7 மடங்கு. இரண்டும் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ 60 மடங்கு.

இப்போது உங்கள் கணவருக்கு வருகிறேன். நீங்கள் பிள்ளைகளை நினைத்து விழித்திருக்கிறீர்கள். நான் அவரை நினைக்கிறேன். மூன்று வருடமாக ஒருவரும் அவர் ஈரலைப் பார்க்கவில்லை என்றுதான் உங்கள் கடிதம் சொல்கிறது. தொந்தரவு இல்லை என்பது இந்த நோயில் எந்த ஆறுதலும் தராது. என்னிடம் பல வருடங்களுக்கு முன் கொப்பரை வியாபாரம் செய்த ஒருவர் வந்தார், 47 வயது. முப்பது வயதில் ரத்ததானத்தின்போதுதான் அவருக்கும் இது தெரிந்தது. கொஞ்ச நாள் பச்சிலை சாப்பிட்டுவிட்டு மறந்துவிட்டார். வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம், மூன்று மாதத்தில் எட்டு கிலோ இளைப்பு என்று வந்தபோது ஸ்கேனில் ஆறு சென்டிமீட்டர் கட்டி. அவருக்கு நஞ்சும் ஒரு காரணமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் அது இரண்டு சென்டிமீட்டராக இருக்கும்போதே கண்ணில் பட்டிருக்கும், அப்போது வெட்டி எடுத்திருக்கலாம் என்பது மட்டும் தெரியும். வலியும் இளைப்பும் வயிற்றில் நீரும் வருவதற்குக் காத்திருக்காதீர்கள். 'ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்' என்ற அந்த மூன்று வருடத்துச் சீட்டுதான் எச்சரிக்கை.

இந்த வாரமே அவரை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், அந்தச் சீட்டு இருந்தால் எடுத்துக்கொண்டு. வைரஸ் இன்னும் இருக்கிறதா, ரத்தத்தில் எவ்வளவு, ஈரல் நொதிகள் எப்படி, ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்ப்பார்கள். வயிற்று ஸ்கேனும் எடுப்பார்கள். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. வைரஸ் அதிகமாக இருந்து ஈரலும் புண்பட்டிருந்தால் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர், தினமும் ஒரு மாத்திரை, பெரும்பாலும் பல வருடம். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை அரசு மருத்துவமனையில் இலவசம். மாத்திரை வேண்டாம் என்று சொன்னாலும், நாற்பதைத் தாண்டிய ஆண் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் தவறக் கூடாது. அவர் மது குடிப்பவராக இருந்தால் முழுதாக நிறுத்த வேண்டும். சொத்தைக் கடலை அவர் தட்டுக்கு வரவே கூடாது.

கீழாநெல்லியை இன்றோடு நிறுத்துங்கள், பிள்ளைகளுக்கு உடனே. இதில் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. 1988-இல் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு அது இந்த வைரஸைப் போக்குவதாகச் சொன்னது உண்மை. பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. கண்டபடி குடிக்கும் பச்சிலைச் சாற்றால் நோய் மறைந்தது என்று நம்பி வருடங்களைத் தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஈரலைச் சுத்தம் செய்யும் மருந்து என்று ஒன்று கிடையாது. கடையில் விற்கும் டானிக்கையும் வாங்காதீர்கள்.

அப்புறம், பிள்ளைகளுக்கு அஃப்லாடாக்சின் பரிசோதனை தேடி லேபுக்கு அலைய வேண்டாம். சாதாரண லேபில் அது கிடையாது, ஈரல் பரிசோதனையும் அதைக் காட்டாது. அவர்களுக்குத் தேவை ஹெபடைடிஸ் பி பரிசோதனை. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒன்று, பிறகு 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்களுக்கான ஊசியோடு சேர்த்து என்று போட்டிருப்பார்கள். போட்டிருந்தாலும் வீட்டில் ஒருவருக்கு இருப்பதால் ஒரு முறை ரத்தம் பார்த்துவிடுங்கள். உங்களுக்கும்தான். உங்களுக்கு வைரஸும் இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்று வந்தால் மூன்று ஊசி, இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று.

நம் ஊரில் இந்த வைரஸ் பெரும்பாலும் பிறக்கும்போது தாயிடமிருந்தோ, சின்ன வயதில் வீட்டிலோ தொற்றுகிறது. அதனால் உங்கள் மாமியாருக்கும் கணவரின் கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்கக்கூடும். மாட்டுக் கடலையைப் பற்றிப் பேசும்போதே அந்த ரத்தப் பரிசோதனையையும் அவரிடம் சொல்லி, மகனோடு ஆசாரிப்பள்ளத்துக்கு அவரையும் அனுப்புங்கள்.