கிழிசலுக்குள் போன எழுத்து

மதிப்பிற்குரிய ஐயா,

வலங்கைமானில் சிறிய போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கும்பகோணத்தில் என் தாத்தா நடத்திய பாத்திரக் கடையின் படம் ஒன்று, 1962இல் எடுத்தது, எங்களிடம் இருக்கிறது. பெயர்ப்பலகையின் குறுக்கே கிழிந்துவிட்டது. போட்டோஷாப்பில் ஜெனரேட்டிவ் ஃபில் போட்டுப் பார்த்தேன். சுவர், ஓடு, தூண் எல்லாம் அருமையாக வந்தன. பலகையில் மட்டும் தமிழ் மாதிரி தோன்றும் ஏதோ கிறுக்கல். பக்கத்தில் இருந்த பிஸ்கட் கம்பெனி தகர விளம்பரத்தின் சின்னமும் உருகிப்போனது போல் இருக்கிறது. தமிழ் எழுத்து சரியாக வர என்ன பிராம்ப்ட் கொடுக்க வேண்டும்? வேறு ஏதாவது ஆப் இதைவிட நன்றாகச் செய்யுமா? பழைய படத்தையும் நான் செய்ததையும் இணைத்திருக்கிறேன்.

ச., வலங்கைமான்

அன்புள்ள ச.,

உங்கள் இரண்டு படங்களையும் இரவு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். டெல்டாவின் பழைய கடைப்பலகைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று சில மாதங்களாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் உங்கள் தாத்தாவின் பலகை வந்து சேர்ந்தது.

பிராம்ப்ட் பற்றி ஒரு வரிதான். கிழிந்த பலகையைத் திருத்த அது உதவாது, எழுதிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். வேறு ஆப் தேடுவதும் அப்படித்தான். இன்று சில கருவிகள் ஆங்கிலச் சொற்களைச் சரியாகவே எழுதிவிடுகின்றன. சில தமிழையும் எழுதத் தொடங்கிவிட்டன. ஆனாலும் அது எழுதுவது அதன் எழுத்தாக இருக்கும், உங்கள் தாத்தாவின் பலகையில் பெயின்டர் எழுதியதாக இருக்காது.

ஏன் கிறுக்கலாகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், வேலைக்கு உதவும். இந்த வகைக் கருவிகளில் பல, படத்தைப் படமாகவே வைத்து வேலை செய்வதில்லை. முதலில் சுருக்கிக்கொள்கின்றன. எப்படி வேலை செய்கிறது என்பது வெளிப்படையாகத் தெரிந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படக் கருவியின் முந்தைய பதிப்புகளை எடுத்துக்கொள்வோம். அவற்றில் 8க்கு 8 பிக்சல் கொண்ட ஒரு சதுரம் ஒரே கட்டமாகிறது, அந்தக் கட்டத்துக்கு நான்கு எண்கள். உங்கள் ஸ்கேனில் ஓர் எழுத்தின் உயரம் ஏறத்தாழ 24 பிக்சல். அதாவது மூன்று கட்டம். த்-இன் புள்ளி ஒரு கட்டத்தில் பாதிகூட இல்லை. இவ்வளவு குறுகிய இடத்தில் சுவரின் காரையை ஊகித்துவிடலாம், ஏனென்றால் காரை கொஞ்சம் இப்படி அப்படி இருந்தாலும் காரைதான். எழுத்து அப்படியில்லை. ப-வின் வலக்கோடு சற்றே சுழித்தால் அது ம ஆகிவிடும். அதோடு, கருவி அந்த இடத்தில், கிழிசலில் போன ‘பித்தளை’ என்ற சொல்லைத் தேடவே இல்லை. சுற்றியிருப்பதைப் பார்த்து, இங்கே பலகை எழுத்து போன்ற ஒரு தோற்றம் வேண்டும் என்று முடிவுசெய்து அந்தத் தோற்றத்தை நிரப்புகிறது. தமிழ்ப் பலகைகளை அது மிகக் குறைவாகப் பார்த்திருப்பதால் தோற்றமும் அரைகுறை. சின்னம் உருகியதற்கும் இதுவே காரணம். அதே காலத்துத் தகர விளம்பரத்தின் தெளிவான படம் ஒன்றைத் தேடி எடுத்து அந்த இடத்தில் பொருத்திவிடுங்கள். கம்பெனியின் இன்றைய சின்னத்தை மட்டும் வைக்காதீர்கள், கம்பெனிகள் சின்னத்தை மாற்றிக்கொண்டே இருப்பவை. சின்னத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

இப்போது கோபப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். கிழிசல் பலகையின் இடப்பக்கத்தில் முதல் வரியைத்தான் தின்றிருக்கிறது. நீங்கள் பலகை முழுவதையும் செலக்ட் செய்து நிரப்பியிருக்கிறீர்கள். நன்றாக இருந்த ‘வெண்கலப்’, ‘பாத்திரக் கடை’ இரண்டும் சேர்ந்து கிறுக்கலாகிவிட்டன. அறுபது வருஷம் வெயிலையும் கரையானையும் தாண்டி வந்த எழுத்தை ஒரு சொடுக்கில் ஏன் அழித்தீர்கள்? செலக்‌ஷனுக்குள் விழுந்த எல்லாவற்றையும் அது புதிதாகத்தான் வரையும். நல்லவேளையாக அது தனி லேயராகத்தான் உட்கார்ந்திருக்கும். லேயர் பேனலில் அதன் கண்ணை அணைத்துவிடுங்கள், கீழே தாத்தாவின் எழுத்து பத்திரமாக இருக்கும். பார்த்துவிட்டு கண்ணை மறுபடி திறந்து, சுவர், ஓடு, தூண் ஆகியவற்றுக்கு அந்த லேயரை வைத்துக்கொண்டு, அதன் மாஸ்க்கில் பலகை இருக்கும் பகுதியைக் கறுப்பால் மூடிவிடுங்கள்.

அடுத்து, படத்தை மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். 300 டிபிஐ போதாது. எழுத்து பிரதியில் 2 மில்லிமீட்டர் உயரம் என்றால் 300இல் 24 பிக்சல் வருகிறது, 1200இல் 94 பிக்சல். பழைய பிரதியில் அவ்வளவு விவரம் இருக்காது என்பது உண்மை. ஆனால் கை வேலைக்கு இடம் வேண்டும். பிறகு படத்தின் நகல் ஒன்றில் Perspective Crop கருவியால் பலகையின் நான்கு மூலைகளைப் பிடித்து, நேர்முகமாகத் தனிக் கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து வேலை முழுவதும் அங்கேதான். முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து Distort வைத்து மூலைகளில் உட்கார வைக்கலாம்.

மன்னார்குடியில் என் மாமா ஒருவர் போர்டு எழுதுபவராக இருந்தார். பள்ளி விடுமுறையில் அவருக்கு நூல் பிடிப்பது என் வேலை. மாவில் தோய்த்த நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் பலகையில் கோடு விழும். மேலே ஒன்று, கீழே ஒன்று. அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே தட்டைத் தூரிகையை ஒரே சாய்வில் பிடித்து எழுதிக்கொண்டே போவார். சாய்வு மாறாததால் நெடுங்கோடு தடித்தும் கிடைக்கோடு மெலிந்தும் வரும். அவர் எழுதிய பலகையில் எந்த இரண்டு த-வும் ஒன்றுபோல இருக்காது, ஆனால் எல்லாம் ஒரே கை என்பது பார்த்தவுடன் தெரியும். உங்கள் தாத்தாவின் பலகையிலும் அப்படி ஒரு கை இருக்கிறது. அதன் மிச்சம் அந்தப் பலகையிலேயே கிடக்கும்போது கணினி ஃபான்டில் தட்டி ஒட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இதை நீங்கள் பிடிவாதம் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

பார்த்துக்கொண்டே வாருங்கள். முதல் வரி ‘பித்தளை வெண்கலப்’, இரண்டாவது ‘பாத்திரக் கடை’. ‘பி’ தப்பியிருக்கிறது, ‘த்தளை’ போய்விட்டது. மேல் வரியின் எழுத்துகள் அடியில் நிற்கும் கோட்டுக்கு ஒரு கைடு வையுங்கள், மாமாவின் நூல்போல. முதலில் கிழிசலுக்குள் இருக்கும் பலகைத் தரையை க்ளோன் ஸ்டாம்ப்பால் அதே பலகையின் வெற்று இடத்திலிருந்து நிரப்புங்கள். பிறகு ‘பாத்திரக்’ என்பதில் உள்ள த்-ஐச் சுற்றிக் கொஞ்சம் தரையும் சேர்த்து லாசோ போட்டு, Ctrl+J கொடுத்துத் தனி லேயராக்கி மேலே கொண்டுபோங்கள். அடுத்த த-வுக்கும் அதையே புள்ளி நீக்கி ஒட்டத் தோன்றும். வேண்டாம், அருகருகே இரட்டைப் பிள்ளைகள் நின்றால் கண்ணுக்கு உடனே உறுத்தும். பக்கத்திலேயே ‘தி’ இருக்கிறது. அதன் இகர வளைவை மாஸ்க்கில் மறைத்தால் அது வேறொரு த. மேல் வரி எழுத்துகள் சற்றுப் பெரியவை என்பதால் இரண்டையும் ஒரே அளவு பெரிதாக்குங்கள், சுழற்றாதீர்கள். சுழற்றினால் தூரிகையின் சாய்வு கெட்டு, தடித்திருக்க வேண்டிய கோடு மெலிந்த இடத்தில் போய் நிற்கும்.

ளை-தான் கடினம். பலகையில் ள எங்கும் இல்லை. ஆனால் ள-வை உற்றுப் பாருங்கள், இடப்பாதி ‘வெ’யின் கொம்பு, வலப்பாதி ‘பா’வின் கால். இரண்டையும் எடுத்து மேல் வளைவில் சேருங்கள். சேரும் இடத்தில் மென்மையான பிரஷால் மாஸ்க் போட்டால் ள கிடைத்துவிடும்.

இனி அதன் ஐகாரம். ‘கடை’யில் இருக்கும் இரட்டைச் சுழியை எடுத்து ள-வுக்கு முன்னால் வைக்கத்தான் கை போகும். 1962ஆம் வருஷப் படத்தில் அது பெரும்பாலும் தவறு. ணை, லை, ளை, னை நான்கும் அன்று யானைத் துதிக்கை போன்ற வளைவோடுதான் பரவலாக எழுதப்பட்டன. ‘டை’க்கு அப்போதும் இப்போதும் இரட்டைச் சுழிதான். பெரியார் 1935இலிருந்தே ‘குடி அரசு’ இதழில் சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தினார் என்றாலும், தமிழக அரசின் ஆணை வந்தது 1978இல்தான். இயக்கத்தைச் சேர்ந்த பெயின்டராக இருந்தால் முன்பே மாற்றி எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கான பதில் நீங்கள் அனுப்பிய பழைய படத்திலேயே இருக்கிறது. கிழிசலின் மேல் ஓரத்தில், எழுத்து வரிசையைவிட உயரத்தில், ஒரு சின்ன வளைவு தெரிகிறது. நீங்கள் அழுக்கு என்று நினைத்துத் துடைத்திருக்கிறீர்கள். அது துதிக்கையின் முதுகு. மூல ஸ்கேனிலிருந்து அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள், உங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

துதிக்கையை ஃபான்டில் தேடினால் சாதாரணமாகக் கிடைக்காது. யூனிகோடில் பழைய வடிவத்துக்குத் தனி எண் இல்லை, ஃபான்ட் செய்பவர் விரும்பினால்தான் அந்த உருவம் இருக்கும். வீட்டில் அந்தக் காலத்துக் கல்யாணப் பத்திரிகை ஒன்று இருக்கும், அதில் ‘காலை’ என்றோ ‘மாலை’ என்றோ ஒரு சொல் இருக்கத்தான் செய்யும். வளைவு எங்கே தொடங்கி எங்கே எழுத்தோடு சேர்கிறது என்பதை மட்டும் அதில் பார்த்துக்கொள்ளுங்கள். தடிமனைப் பலகையிலிருந்து எடுங்கள், அச்செழுத்தின் தடிமன் வேறு. பென் டூலால் ஒரே வளைவாக, குறைந்த புள்ளிகளில் வரைந்து, மிச்சமிருக்கும் அந்த முதுகின் மேல் சரியாகச் செல்கிறதா என்று பார்த்து நிரப்புங்கள். நிறத்தைப் பக்கத்து எழுத்திலிருந்து ஐட்ராப்பரால், 5 by 5 Average வைத்து எடுங்கள். சுத்தக் கறுப்பு வேண்டாம், பழைய பிரதியில் மிகக் கறுத்த இடமும் அடர்சாம்பல்தான். பிறகு ஓரம் பழைய எழுத்தைப் போல மங்கும்வரை கொஞ்சம் Gaussian Blur, அதன்பின் Add Noise, அதில் Monochromatic டிக் செய்து. இந்த வரிசையை மாற்றினால் மணிமணியான அந்தத் துகளும் மங்கிப்போய், வரைந்த இடம் மட்டும் மெழுகு பூசியதுபோல் தெரியும்.

சரியாக வந்ததா என்று நீங்களே பார்த்து முடிவு செய்யாதீர்கள். பலகையில் என்ன இருக்கிறது என்று தெரிந்த கண், இல்லாததையும் சேர்த்துப் படித்துவிடும். ஸ்டுடியோவுக்கு பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வரும் யாரிடமாவது காட்டி, எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். பழைய ளை-யைப் பார்த்துப் பழகிய பெரியவராக இருந்தால் நல்லது.

மூன்றாவது வரி ஒன்று இருக்கிறதே, பலகையின் அடியில், சிறிய எழுத்தில்? பழைய படத்தில் அது நிழலாகத் தெரிகிறது. உங்கள் கருவி அங்கே ஏதோ பெயர் போன்ற ஒன்றை நிரப்பி வைத்திருக்கிறது. அதை இன்றே எடுத்துவிடுங்கள். உரிமையாளர் பெயரா, ஊரா, கடை தொடங்கிய வருஷமா, ஒன்றும் தெரியாத இடத்தில் எழுத்துபோல எதையும் வைக்காதீர்கள். உங்கள் பிள்ளைகள் நாளை அதைத்தான் உண்மை என்று படிக்கப் பார்ப்பார்கள். உங்கள் அத்தை யாராவது அந்தக் கடைக்குள் விளையாடி வளர்ந்தவர் இருந்தால் கேளுங்கள். அவர் சொன்னால் அந்த வரியையும் இதே முறையில், பலகையின் எழுத்துகளைக் கொண்டே கட்டலாம். அவருக்கும் நினைவில்லை என்றால் நிழலை நிழலாகவே விட்டு பிரின்ட் போட்டுவிடுங்கள்.

அன்புடன்.