இரண்டரை மணி

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 46. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். நான் குடிகாரன் இல்லை. தூக்கத்துக்காக மட்டும் ராத்திரி பத்து மணிக்கு ஒரு கட்டிங் பிராந்தி. படுத்ததும் தூங்கிவிடுகிறேன். ஆனால் இரண்டரை மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் விடியும் வரை புரண்டுகொண்டேதான் இருப்பேன். கடன் கவலை மண்டைக்குள் ஓடும். மூன்று மாதமாகக் கட்டிங் பத்தாமல் குவார்ட்டர் ஆகிவிட்டது. பிராந்தியை விட்டு விஸ்கிக்கு மாறினால் சரியாகுமா? படுக்கையில் செல்போன் பார்ப்பது காரணமாக இருக்குமா? வீட்டில் குறட்டை அதிகம் என்கிறார்கள்.

பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

பிராந்தியா விஸ்கியா என்பதை விட்டுவிடுங்கள். உள்ளே போனால் இரண்டும் ஒரே சாராயம்தான். செல்போனையும் இப்போதைக்கு விடுங்கள். நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்த இரண்டரை மணிக்காக. சின்ன வயதில் எங்கள் வீட்டில் நான் கேட்டு வளர்ந்த நேரம் அது.

அப்பா மில் தொழிலாளி. ராத்திரி ஒரு கட்டிங் போட்டுவிட்டுப் படுப்பார். தலை தலையணையில் படும், குறட்டை ஆரம்பிக்கும். "கொடுத்துவெச்ச மனுசன், படுத்ததும் தூங்கிடறாரு" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். நடுராத்திரி தாண்டியதும் தவலையின் மூடி நகரும் சத்தம் கேட்கும். சொம்பில் மொண்டு மடமடவென்று குடிப்பார். பனியன் முதுகோடு ஒட்டி நனைந்திருக்கும். திண்ணையில் போய் உட்கார்ந்து பீடி பற்றவைப்பார். அம்மா கேட்டால், "தூக்கம் வரலைன்னுதானே குடிக்கிறேன்" என்பார். நீங்கள் எழுதியிருப்பதும் அதே வாக்கியம்தான். அது தலைகீழான வாக்கியம் என்று புரிய எனக்கு நாற்பது வயதானது.

கணக்கு பார்ப்பவர் நீங்கள், கணக்காகவே சொல்கிறேன். கட்டிங் என்றால் 90 மில்லி. பாட்டிலின் மேல் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் அதில் சுத்த சாராயம் 38 மில்லிக்குச் சற்று மேல். எடையில் ஏறக்குறைய 30 கிராம். ஈரல் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் எரிக்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், ஆனால் காபி குடித்தோ குளித்தோ அதை அவசரப்படுத்த முடியாது. 30 கிராம் தீர நாலு மணி நேரம். பத்து மணிக்குக் குடித்தால் இரண்டு, இரண்டரை. உங்களை எழுப்புவது கடன் இல்லை ஐயா. சாராயம் இறங்குவதுதான் எழுப்புகிறது. விழித்த பிறகு மண்டை சும்மா இருக்குமா, கையில் கிடைத்த கவலையை எடுத்துக்கொள்கிறது.

மூளையில் அடக்கிவைக்கும் வேதிப்பொருள் ஒன்று உண்டு, காபா என்பார்கள். உசுப்பிவிடும் பொருள் குளூட்டமேட். சாராயம் முதலாவதன் வேலையைக் கூட்டி, இரண்டாவதை அமுக்குகிறது. அதனால்தான் படுத்ததும் கண் சொக்குகிறது. முதல் மூன்று நாலு மணி நேரம் ஆழ்தூக்கம் வழக்கத்தைவிடக் கூடவே வரும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அமுக்கப்பட்ட மூளை சும்மா இருப்பதில்லை, எதிர்ப்பக்கம் முட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறது. சாராயம் இறங்கியதும் அந்த முட்டு மட்டும் மிஞ்சி நிற்கும். படபடப்பு, வியர்வை, லேசான தூக்கம், அடிக்கடி விழிப்பு எல்லாம் அந்த நேரத்தில்தான். கனவு வரும் தூக்கம் இயல்பாகவே பின்னிரவில்தான் அதிகம். முன்னிரவில் சாராயம் அதை மிதித்து வைத்திருந்ததால், இப்போது சேர்த்துவைத்து வரும். அதனால்தான் மூன்று மணிக் கனவுகள் அப்படித் துரத்துகின்றன. 2013-ல் இர்ஷாத் இப்ராஹிமும் வேறு மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சீக்கிரம் தூங்கவைப்பதும் பின்பாதியைக் கலைப்பதும் குறைந்த அளவிலும் உண்டு, அதிக அளவிலும் உண்டு என்பதுதான் அவர்கள் கண்டது.

இப்போது திட்டப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டிங் ஏன் குவார்ட்டர் ஆனது என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? தூங்கவைக்கும் பலன் சில ராத்திரிகளிலேயே மங்கிவிடும், மூளை பழகிக்கொள்ளும். பின்னிரவைக் கலைப்பது மட்டும் அதே வேகத்தில் குறையாது. லாபம் சுருங்கி நஷ்டம் அப்படியே நிற்கிற கணக்கில் முதலீட்டை இரட்டிப்பாக்குவீர்களா? உங்கள் முதலாளியின் கணக்கில் இதைச் செய்வீர்களா? குவார்ட்டர் என்றால் 60 கிராம், தீர எட்டு மணி நேரம். காலை ஆறு மணிக்கு வண்டியை எடுக்கும்போதும் உங்கள் ரத்தத்தில் அது மிச்சம் இருக்கலாம். "தூக்கத்துக்காக மட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்து என்று பேர் வைத்ததால்தான் அளவைக் கூட்டும்போது கை கூசவில்லை.

நம் ஊரில் தூக்கத்தை அளப்பதே தப்பு என்று ரொம்ப நாளாக நினைத்துவருகிறேன். எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று கேட்கிறோம், படுத்ததும் தூங்கினால் பாக்கியவான் என்கிறோம். மூன்று மணிக்கு எங்கே இருந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. அப்பாவும் தன் தூக்கத்தை அந்த முதல் ஐந்து நிமிடத்தை வைத்துத்தான் எடை போட்டார். பின்பாதி கெட்டதற்குப் பாய், புழுக்கம், மில் சங்கு, கடைசியில் வயசு என்று எல்லாவற்றின் மேலும் பழி போட்டார்.

அவருக்கு விடை கிடைத்தது ஒரு கார்த்திகை மாதத்தில். சபரிமலைக்கு மாலை போட்டார். விரதம், கட்டிங் கிடையாது. முதல் நாலைந்து ராத்திரி தூங்கவே இல்லை. கெட்ட கனவு கண்டு உளறினார். "பார்த்தியா, அது இல்லாம என்னால முடியாது" என்றார். இரண்டாவது வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. மூன்றாவது வாரத்தில் ஒரு ராத்திரி நான் ஒண்ணுக்குப் போக எழுந்தேன். தவலை மூடி அசையவில்லை. அம்மா மட்டும் பழக்கத்தில் விழித்து, சுவரில் சாய்ந்து, தூங்கும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலரைக்கு அப்பா தானே எழுந்து பச்சைத்தண்ணீரில் குளித்து சரணம் சொன்னார். அந்தத் தூக்கம் சாமி கொடுத்தது என்றே சாகும்வரை நம்பினார். அந்த நம்பிக்கையோடு எனக்குச் சண்டையில்லை. மலையிறங்கி மாலையைக் கழற்றிய ராத்திரியே கட்டிங் திரும்பி வந்ததுதான் எனக்கு ஆறவில்லை. மறுபடி தவலை மூடி.

இதைப் படித்துவிட்டு இன்றைக்கே தடாலென்று நிறுத்திவிடாதீர்கள். அப்பா குடித்தது கட்டிங், நீங்கள் மூன்று மாதமாகக் குவார்ட்டர். காலையில் கை நடுங்குகிறதா, வியர்க்கிறதா, வாயில் ஏதாவது ஊற்றினால்தான் அடங்குகிறதா என்று பாருங்கள். ஆமென்றால் திடீரென்று நிறுத்தும்போது வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம். டாக்டர் பார்வையில்தான் குறைக்க வேண்டும். அப்படி இல்லை என்றாலும் அவரிடம் அளவைக் குறைத்துச் சொல்லாமல் உள்ளபடி சொல்லுங்கள். தூக்க மாத்திரையை இதோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் மூச்சு நின்றுவிடலாம். விட்டபின் முதல் ராத்திரிகள் மோசமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து "அது இல்லாமல் முடியாது" என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

குறட்டையைக் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். சாராயம் தொண்டைத் தசையைத் தளர்த்தும், மூச்சுப்பாதை அடைபடும். அம்மா பல ராத்திரி தூங்காமல் கிடந்தது குறட்டைச் சத்தத்தால் இல்லை. அது நடுவில் நின்றுபோனால் எப்போது திரும்ப வரும் என்று காத்திருந்ததால்தான். உங்கள் மனைவியிடம் இன்று கேளுங்கள், குறட்டை நடுவில் நின்று அப்புறம் மூச்சுத்திணறி இழுக்கிறதா என்று. அவர் சொல்வதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். முடிந்தால் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள்.